பிரியாவிடை மலரில் நாற்பது பேரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓய்வுபெறும் ஒருவருக்காக நாற்பது பேரிடம் ஆளுக்கு ஒரு பத்தி வாங்கி, மலராகத் தொகுத்துக் கொடுக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. எழுதியவை எல்லாம் கைக்கு வந்துவிட்டன. வரிசையாகப் படிக்கிறீர்கள். எட்டாவதைத் தாண்டுவதற்குள், இதைத்தானே முன்பே படித்தோம் என்று தோன்றத் தொடங்குகிறது. பத்தாவதில் கண் வரிகளைத் தாண்டி ஓடுகிறது. மலரைப் பெறுகிறவருக்கும் இதுதான் நடக்கும். அவர் மட்டும் அதை வெளியே சொல்ல மாட்டார்.

இந்தக் கோளாறுக்குக் காரணம் ஒன்றல்ல. கேட்ட விதத்தில் இருக்கலாம், எழுதியவர்களிடம் இருக்கலாம், அடுக்கிய வரிசையில் இருக்கலாம், திருத்திய உங்கள் கையிலேயேகூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் அறிகுறியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்கு ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: ஒரு கல்லூரி நூலகர், பல ஆண்டுகள் ஒரே நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுகிறார். எழுதியவர்களில் பேராசிரியர்கள், பழைய மாணவர்கள், உதவியாளர்கள், இரவுக் காவலர், கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுப்பவர் என எல்லோரும் இருக்கிறார்கள்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியம். வந்த கோப்புகளை வந்தபடியே ஒரு உறைக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள். வேலை எல்லாம் நகலில்தான். அடுத்து ஓர் அட்டவணை போடுங்கள்: எழுதியவர் யார், அவரை எப்படித் தெரியும், எப்போதிலிருந்து, என்ன சம்பவம் சொல்கிறார், முதல் வாக்கியம், கடைசி வாக்கியம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் இந்த அட்டவணைதான் ஆதாரம்.

அறிகுறி 1: எல்லாமே வாழ்த்து மடல்களாக இருக்கின்றன

சோதனை சுலபம். பத்தியில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு, வேறு யாராவது ஓய்வுபெறுகிறவரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். வாக்கியம் ஒன்றுகூட இடறவில்லை என்றால் அந்தப் பத்தியில் ஆளே இல்லை என்று பொருள்.

எழுதியவரைக் குறை சொல்லும் முன், நீங்கள் அனுப்பிய வேண்டுகோளை எடுத்துப் பாருங்கள். “அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருந்தால், நாலு வரி வாழ்த்துதான் வரும். “மாதிரிக்கு இதைப் பாருங்கள்” என்று ஒன்றை இணைத்திருந்தால், அந்த மாதிரியின் நாற்பது நகல்கள் வரும். எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே பதிலையும் போடச் சொல்லியிருந்தால், முதலில் போட்டவரின் நடை மற்றவர்களுக்கு அச்சாகிவிடும். அவர் பதவியில் பெரியவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பதில்கள் தொகுப்பவருக்குத் தனித்தனியாக வர வேண்டும், ஒருவருடையது இன்னொருவர் கண்ணில் படக்கூடாது.

வெறும் வாழ்த்தை நீங்கள் உட்கார்ந்து செப்பனிட்டால் அது ஆளாகிவிடாது. திரும்பக் கேட்பதுதான் வழி. இந்த முறை தனியாக, அந்த ஒருவரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வியோடு. அட்டவணையில் ‘எப்படித் தெரியும்’ என்ற கட்டம் இதற்குத்தான். இரவுக் காவலரிடம், நூலகத்தைப் பூட்டும் நேரத்தில் நூலகர் கடைசியாக என்ன செய்வார் என்று கேட்கலாம். மாணவரிடம், நீங்கள் கேட்டு அவர் தர மறுத்த புத்தகம் எது என்று கேட்கலாம். பக்கத்து மேசைக்காரரிடம், நூலகரின் மேசை இழுப்பறையில் எப்போதும் என்ன இருக்கும் என்று கேட்கலாம்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. ‘அவரிடம் உங்களுக்குப் பிடித்த குணம் எது’ என்றால் அடைமொழிதான் வரும். ‘மறக்க முடியாத நிகழ்வு எது’ என்பது பார்க்க நல்ல கேள்வி போல இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே பெரிய நிகழ்வைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் காரணம். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் எது என்பதை ஒரே ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டால் அதே வாக்கியம் பத்து முறை வந்து நிற்கும். பொருள், நேரம், இடம், கை செய்யும் ஒரு வேலை, இவற்றைக் கேட்டால் பதில் தானாகவே ஆளுக்கு ஆள் மாறும்.

எழுதச் சொன்னால் விறைத்துப் போகிறவர்கள் பேசச் சொன்னால் அருமையாகப் பேசுவார்கள். அவர்களை ஃபோனில் பிடியுங்கள். புத்தகம் தைப்பவர் முதலில் எழுதிக் கொடுத்ததாக இப்படி வைத்துக்கொள்வோம்:

“அம்மா அவர்கள் மிகவும் எளிமையானவர். அனைவரிடமும் அன்பாகப் பழகுவார். அவருடைய ஓய்வுக்காலம் இனிதே அமைய வாழ்த்துகிறேன்.”

‘கிழிந்த புத்தகத்தை உங்களிடம் எப்படிக் கொடுப்பார்’ என்று மட்டும் கேட்டால், அதே மனிதர் சொல்வது:

“கையில கொடுக்க மாட்டாங்க. மேசை மேல வச்சுட்டு, ‘இதுக்கு ஒடம்பு சரியில்ல, பாருங்க’ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. தச்சு முடிச்சுக் கொண்டு போனா மொதல்ல விரிச்சு மோந்து பாப்பாங்க. பசை காஞ்சிருச்சான்னு வாய் திறந்து கேட்டதே இல்ல.”

முதல் பத்தியில் இருந்த எளிமையும் அன்பும் இதில் பெயர் சொல்லாமலே இருக்கின்றன. கேட்டு எழுதியதை அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். பேசியது அச்சில் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரிடமும் திரும்பப் போக வேண்டியதில்லை. மறுபடி கேட்டும் வாழ்த்தையே அனுப்புகிறவர்கள் உண்டு, அவர்களைத் துளைக்க வேண்டாம். மலரின் கடைசியில் ‘வாழ்த்துகள்’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு வரியாக, பெயரோடு அங்கே வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் வாழ்த்து வாழ்த்தாகவே படிக்கும், யாருக்கும் குறைவாகப் படாது.

அறிகுறி 2: ஒரே சம்பவத்தை ஐந்து பேர் சொல்கிறார்கள்

எந்த அலுவலகத்திலும் எல்லோரும் சொல்லும் ஒரு கதை இருக்கும். நம் நூலகருக்கு அது, ஒரு மழை இரவில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்த கதை. காவலர், உதவியாளர், ஒரு பழைய மாணவர், அப்போதைய கல்லூரி முதல்வர், அதற்குப் பிறகு வேலையில் சேர்ந்த ஓர் இளைஞர் என ஐந்து பேரும் அதையே எழுதியிருக்கிறார்கள்.

சாதாரணமாகச் செய்வது, நன்றாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தூக்கிவிடுவது. அப்படிச் செய்தால் நான்கு பேர் மலரிலிருந்து காணாமல் போவார்கள். அதைவிட, ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த வாக்கியத்தை இவர் தவிர வேறு யாராவது சொல்லியிருக்க முடியுமா என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டே போங்கள். முடியும் என்றால் அது பொதுச்சொத்து. முடியாது என்றால் அது அவருடையது.

மாணவர் எழுதியது இது:

“அந்த ஆண்டு பெருமழையில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது அனைவரும் அறிந்ததே. ஏராளமான நூல்கள் நனைந்துபோயின. அம்மா இரவு பகல் பாராமல் உழைத்து அவற்றைக் காப்பாற்றினார். எங்களையும் உதவிக்கு அழைத்தார். வழவழப்பான தாளில் அச்சிட்ட ஓர் அட்லஸை என்னிடம் கொடுத்து, ‘ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவுலயும் தாள் வை, ஒட்டிக் காஞ்சிருச்சுன்னா அவ்வளவுதான்’ என்றார். நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் மீதிப் பக்கங்களுக்கும் தாள் வைத்திருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.”

முதல் நான்கு வாக்கியங்களை மற்ற நால்வரும் சொல்லிவிட்டார்கள். அட்லஸிலிருந்து தொடங்கும் பகுதியை வேறு யாராலும் சொல்ல முடியாது. வழவழப்பான தாள் நனைந்து ஒட்டியபடியே காய்ந்தால் பிரிக்க வராது என்ற விவரம், அவர் அங்கே இருந்தார் என்பதற்கே சாட்சி. ஆகவே முன்பகுதியை வெட்டிவிட்டு, “அன்றிரவு, வழவழப்பான தாளில் அச்சிட்ட ஓர் அட்லஸை என்னிடம் கொடுத்து…” என்று தொடங்குங்கள். ‘அன்றிரவு’ என்பது நீங்கள் சேர்த்த சொல். இப்படி வெட்டிய இடத்தை ஒட்டவைக்க ஒரு சொல் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சேர்த்ததையும் குறித்துவைத்து அவரிடம் காட்டுங்கள்.

மற்ற நால்வருக்கும் இதே சல்லடைதான். முழுக் கதையையும் தொடக்கம் முதல் முடிவு வரை யாரிடம் விடலாம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பதவியில் உயர்ந்தவராக இருக்காது. இங்கே காவலர்தான், தண்ணீரை முதலில் பார்த்தவர் அவர், ஃபோன் செய்தவரும் அவர். அவருடைய பத்தி வெட்டு வாங்காமல் முழுதாக நிற்கட்டும். உதவியாளருக்கு, மறுநாள் காலையில் மேசைகள் மேல் புத்தகங்கள் விசிறி போல விரித்து நின்றதும், எல்லா மின்விசிறிகளும் ஓடியதும் மிஞ்சும். முதல்வருக்கு, சேதப் பட்டியலில் நூலகர் ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் கையால் எழுதிக் கொண்டுவந்தது மிஞ்சும்.

அந்த இளைஞர் அன்று அங்கே இல்லை. அவர் எழுதியிருப்பது கேட்ட கதை. இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. சேர்ந்த முதல் நாளே இந்தக் கதையைத்தான் எனக்குச் சொன்னார்கள் என்று அவர் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி புதிது. அதை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், அறிகுறி 1-இல் சொன்ன மாதிரி வேறு கேள்வியோடு அவரிடம் திரும்பப் போங்கள்.

ஐவரும் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தாமலும் இருக்கும். காவலருக்கு நேரம் இரண்டு மணி, உதவியாளருக்கு நான்கு மணி. ஒருவருக்குக் கீழ் அடுக்கு மட்டும் நனைந்தது, இன்னொருவருக்கு மூன்று அடுக்கு. அப்படியே விடுங்கள். நினைவு ஆளுக்கு ஆள் மாறுவதை வாசகர் புரிந்துகொள்வார், உரியவர் சிரித்துக்கொள்வார். ஆண்டு, பதவி, பெயர் மாதிரி ஆவணத்தில் இருக்கிற விஷயம் தவறாக இருந்தால் மட்டும், எழுதியவரிடம் சொல்லித் திருத்துங்கள்.

இந்தப் பத்திகளை மலர் முழுக்கத் தூவாதீர்கள், அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று பன்னிரண்டாம் பக்கத்திலும் இன்னொன்று முப்பதாம் பக்கத்திலும் இருந்தால், எந்த இரவு, என்ன தண்ணீர் என்று ஒவ்வோர் இடத்திலும் பின்னணியைத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். வெட்டிய நான்கு வாக்கியங்கள் அந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும். காவலரின் பத்தி முதலில், மற்றவை அதன் பின்னால் சிறிது சிறிதாக என்று வைத்தால், பின்னணியை அவரே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்திருப்பார்.

அறிகுறி 3: சம்பவங்கள் வேறு, சொற்கள் ஒன்று

எல்லாப் பத்திகளையும் ஒரே கோப்பில் ஒட்டி, உறுத்தும் சொற்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் சொல் வேற்றுமை ஏற்று உருமாறும் என்பதால் ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். ‘எளிமை’ என்று தேடினால் எளிமையான, எளிமையாக எல்லாம் கிடைக்கும், ‘எளிய’ கிடைக்காது. ‘புன்னகை’ தேடினால் ‘சிரித்த முகம்’ தப்பித்துவிடும், ‘முகம் சுளிக்காமல்’ என்பதும் தப்பித்துவிடும். அதனால் சொல்லை மட்டும் எண்ணாமல், அது சொல்லவரும் குணத்தை எண்ணுங்கள்.

எண்ணிக்கை கண்ணை உறுத்தியதும் நிறையப் பேர் செய்யும் காரியம், மாற்றுச்சொல் தேடுவது. ஒருவருக்கு எளிமை, அடுத்தவருக்குப் பகட்டின்மை, மூன்றாமவருக்கு ஆடம்பரமற்ற தன்மை. இது நோயைவிட மோசம். புத்தகம் தைப்பவர் வாயில் ‘பகட்டின்மை’ என்ற சொல் வந்தால், அதை அவர் சொல்லவில்லை என்பது அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

மாற்றாமல் எடுத்துவிடலாம். அடைமொழிக்கு முன்னாலோ பின்னாலோ அதே குணத்தைக் காட்டும் ஒரு செயல் இருந்தால், அடைமொழி வாக்கியம் போனாலும் பத்திக்கு ஒன்றும் ஆகாது. செயல் எதுவும் இல்லாமல் அடைமொழி மட்டுமே இருந்தால் அது அறிகுறி 1, அங்கே போங்கள்.

அதற்காக ஒரு சொல்லை மலரிலிருந்தே துடைத்து எடுக்க வேண்டும் என்றில்லை. நான் இரண்டு மூன்று இடத்தில் விட்டுவைப்பேன். குறிப்பாக இந்த மாதிரி ஒன்று வந்திருந்தால் கட்டாயம் விட வேண்டும்: “சிரிச்ச முகம், சிரிச்ச முகம்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைப் பாத்து முதல் ஒரு வருஷம் சிரிச்சதே இல்ல. நான் புத்தகத்த லேட்டாக் குடுப்பேன்.” இதை எழுதிய மாணவிக்காகவே, இதற்கு முன்னால் வரும் பத்திகளில் ஒரு ‘சிரித்த முகம்’ இருந்தாக வேண்டும்.

அறிகுறி 4: வந்தபோது வேறு வேறாக இருந்தன, திருத்திய பிறகு ஒன்றாகிவிட்டன

இதை நாமே கண்டுபிடிப்பது கடினம். நம் காதுக்கு நம் நடை எப்போதும் சரியாகவே கேட்கும். அதனால் சோதனையை வெளியாள் ஒருவரிடம் விட வேண்டும். பெயர்களை மறைத்துப் பத்துப் பத்திகளை அச்செடுத்து, எழுதியவர்கள் எல்லோரையும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, யார் எது என்று கேளுங்கள். சில பத்திகளை உள்ளடக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார், அவை கணக்கில் வராது. பேச்சை வைத்து எத்தனை பேரைக் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள். தடுமாறினால், அதே பத்துப் பத்திகளின் மூலப் படிகளைக் கொடுங்கள். அதில் தடுமாறவில்லை என்றால் குற்றவாளி உங்கள் திருத்தம்தான்.

எந்தத் திருத்தம் இதைச் செய்கிறது? பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்தவைதான். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழ் ஆக்குவது முதலாவது. ‘வந்தாங்க’, ‘வந்தாக’, ‘வந்தினம்’, ‘வந்தாவ’ எல்லாவற்றையும் ‘வந்தார்கள்’ ஆக்கினால் நான்கு ஊர்க்காரர்கள் ஒரே ஊர்க்காரர் ஆகிவிடுவார்கள். அடுத்தது விளியை ஒன்றாக்குவது. ஒருவர் அம்மா என்கிறார், ஒருவர் மேடம், ஒருவர் அக்கா, பழைய சகா ஒருவர் ‘அவ’ என்றே எழுதியிருக்கிறார். மலருக்கு மரியாதை வேண்டும் என்று எல்லாவற்றையும் ‘அம்மையார் அவர்கள்’ ஆக்கிவிட்டால், யாருக்கு அவர் யார் என்ற செய்தியே அழிந்துபோகும். ‘அவ’ என்று எழுதும் உரிமை எத்தனை ஆண்டுப் பழக்கத்தில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது, குட்டி வாக்கியங்களை ‘-த்து’, ‘-ந்து’ போட்டு இணைப்பது. மூச்சு விட்டு விட்டுப் பேசுகிறவரின் மூச்சு அதில் போய்விடும்.

இந்தக் கோளாறு வந்துவிட்டால், திருத்திய படியில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பூட்டி வைத்த மூலத்துக்குத் திரும்பி, இந்த முறை வெட்டுவது மட்டும் என்ற விதியோடு தொடங்குங்கள். எழுத்துத்தமிழில் வந்ததில் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை திருத்தலாம். பேச்சுத்தமிழில் வந்ததில் ஒற்று பார்க்க வேண்டாம், தட்டச்சுப் பிழையை மட்டும் பாருங்கள். கம்பீரமாக எழுத்துத்தமிழில் தொடங்கி, நடுவில் உணர்ச்சி ஏறும்போது பேச்சுக்கு வழுக்கிவிடும் பத்திகளும் வரும். அந்த வழுக்கலைச் சரிசெய்யாதீர்கள், அவர் குரல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘அவர்’ என்று எழுதிக்கொண்டே வந்து கடைசி வரியில் ‘நீங்கள்’ என்று திரும்புவதற்கும் இதே பதில்தான்.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் வரும். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது ஒலியை மட்டும் மாற்றுங்கள். ‘ரொம்ப’ என்று ஒலித்தது ‘மிகவும்’ ஆகக்கூடாது. பழைய எழுத்துருவில் வந்த கோப்பு பூச்சி பூச்சியாகத் தெரிந்தால், ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி 5: தனித்தனியாகப் படித்தால் நன்று, சேர்த்துப் படித்தால் அலுப்பு

அட்டவணையில் முதல் வாக்கியக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். “நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது”, “நான் முதன்முதலில் அவரைச் சந்தித்தது”, “எனக்கும் அம்மாவுக்கும் உள்ள பழக்கம்” என்று வரிசையாக வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில்தான் எல்லோரும் அப்படித் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டால் போதும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: ‘புத்தகம் தைப்பவர், 1998 முதல்’, ‘மாணவி, 2011–14’. இது வந்ததும் முதல் வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போகும். வெட்டிப் பாருங்கள், பல பத்திகள் இரண்டாவது அல்லது மூன்றாவது வாக்கியத்தில்தான் உண்மையில் தொடங்கியிருக்கும்.

கடைசி வாக்கியக் கட்டத்திலும் இதே கதைதான், அங்கே வாழ்த்து நிற்கும். நாற்பது பத்தியும் ‘நீடூழி வாழ்க’ என்று முடிந்தால் ஒவ்வொரு பக்கமும் மலரின் கடைசிப் பக்கமாகத் தோன்றும். அவற்றை வாழ்த்துப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். வாழ்த்தை அறுத்துவிட்டார்கள் என்று யாரும் கோபிக்காமல் இருக்க, நகர்த்தியதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வரிசை. பதவி வரிசையில் வைத்தால் விறைப்பான பத்திகள் எல்லாம் முன்னால் கூடிவிடும், அதைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். அகர வரிசையில் யாருக்கும் மனத்தாங்கல் வராது, ஆனால் கதையும் நகராது. எனக்குப் பிடித்தது, அவரைத் தெரிந்துகொண்ட ஆண்டு வரிசை. இளம் நூலகராக அவரைப் பார்த்தவர்கள் முதலில், போன ஆண்டு சேர்ந்தவர் கடைசியில். அந்த வரிசையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, இரண்டு நீளமான பத்திகள் அடுத்தடுத்து வராமலும், மூன்று பேராசிரியர்கள் தொடர்ந்து வராமலும் ஓரிரண்டு இடம் மாற்றினால் போதும். சம்பவத் தொகுதி மட்டும் பிரியாமல் ஒன்றாகவே நகரட்டும்.

நீளத்தைச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். காவலர் ஒன்றரைப் பக்கமும் தோட்டக்காரர் மூன்று வரியும் எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். மூன்று வரியைப் பக்கம் நிரப்ப எழுத்தைப் பெரிதாக்கினால், அது கல்வெட்டு மாதிரி ஆகிவிடும். சின்னவற்றை இரண்டு மூன்றாக ஒரே பக்கத்தில் வைக்கலாம். பேராசிரியர் ஒருவர் நான்கு பக்கம் எழுதி, அதில் மூன்று பக்கம் தன் பணி வரலாறாக இருந்தால், மேலே சொன்ன சல்லடையை அவருக்கும் போடுங்கள். நூலகர் வரும் வாக்கியங்கள் மட்டும் மிஞ்சும், பெரும்பாலும் அது அரைப் பக்கம் தேறும், நன்றாகவும் இருக்கும்.

அச்சுக்குப் போகும் முன்

நடுவில் பின்னடித்துக் கட்டும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் இரண்டு பேர் எழுதிக் கொண்டுவந்து நிற்பார்கள் என்பதையும் எதிர்பார்க்கலாம். அதனால் வாழ்த்துப் பக்கத்தைக் கடைசிவரை முடிவாகக் கட்டாமல் வையுங்கள், நீட்டிச் சுருக்க மலரில் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

மெய்ப்பை எழுதியவர்களுக்கு அனுப்பும்போது, ஒவ்வொருவருக்கும் அவருடைய பத்தியை மட்டும், வெட்டிய இடம் தெரியும்படி அனுப்புங்கள். முழு மலரையும் அனுப்பினால், பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்த்துவிட்டு, நானும் கொஞ்சம் மாற்றி எழுதித் தரட்டுமா என்று ஃபோன் வரத் தொடங்கும். அப்படி மாற்றி வருவதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் போலவே இருக்கும். பதிலுக்கு ஒரு தேதி சொல்லி, அதற்குள் பதில் வராதவர்களை நேரிலோ ஃபோனிலோ பிடித்து வெட்டுக்குச் சம்மதம் கேளுங்கள். பெயரும் முதலெழுத்தும் அவர் வழக்கமாகப் போடுகிற மாதிரியே இருக்கிறதா என்று அதே பேச்சில் கேட்டுவிடலாம்.